லேக் கட்டமும் நான்கு மணி நேரமும்: உணவு நுண்ணுயிரியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"பாக்டீரியா வளர்ச்சி வளைகோட்டின் கட்டங்களை விளக்கி, உணவை வெளியே வைக்கும் நேர வரம்புக்கு லேக் கட்டம் எவ்வாறு துணை நிற்கிறது எனக் கூறுக." நாலு கட்டத்தையும் படத்தோடு எழுதினேன், பாதி மார்க்தான் வந்தது. ஏன் மேடம்?

உங்கள் விடையின் இரண்டாம் பாதி ஒரே வரியில் முடிந்திருக்கும். "லேக் கட்டத்தில் பாக்டீரியா பெருகாது, ஆகவே அதற்குள் சாப்பிட்டுவிட்டால் ஆபத்தில்லை." பத்தில் எட்டு விடைத்தாளில் இந்த வரியைத்தான் பார்க்கிறேன். வரி தப்பில்லை. ஆனால் கேள்வி அதைத் தாண்டிப் போகிறது. எந்த பாக்டீரியா, எத்தனை செல்லோடு ஆரம்பித்தது, எந்த வெப்பநிலையில், லேக் முடிந்த பிறகு ஆபத்தான அளவைத் தொட இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் நேர வரம்பு நிற்கும்.

நான் எதிர்பார்க்கும் விடையின் சாரம் இதுதான். சமைத்து முடித்த உணவில் ஆரம்பத்தில் செல்கள் குறைவு. அவை புதுச் சூழலுக்குத் தயாராக ஒரு நேரம் எடுத்துக்கொள்கின்றன, அதுதான் லேக். அதன் பிறகு இரட்டிப்பு தொடங்கினாலும், குறைந்த எண்ணிக்கையிலிருந்து ஆபத்தான எண்ணிக்கைக்குப் போகப் பல இரட்டிப்புகள் வேண்டும். லேக் நேரமும் இந்த இரட்டிப்புகளின் நேரமும் சேர்ந்த மொத்தத்துக்குள், நல்ல இடைவெளி விட்டு, வரம்பு வைக்கப்படுகிறது. இதை எழுதி ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிட்டால் முழு மார்க்கையும் குறைக்க யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று. தமிழில் எழுதும்போது லேக் கட்டத்தையும் லாக் கட்டத்தையும் ஒரே மாதிரி 'லாக்' என்று எழுதிவிட்டு, திருத்துகிறவரை ஊகிக்க விடாதீர்கள். இங்கே நான் முதலாவதை லேக் என்றும், இரண்டாவதை மடக்கைக் கட்டம் என்றும் எழுதுகிறேன்.

லேக் கட்டத்தில் பாக்டீரியா தூங்குகிறது என்று எழுதலாமா?

வேண்டாம். அந்த நேரத்தில் செல்லுக்குள் வேலை மும்முரமாக நடக்கிறது. எண்ணிக்கை ஏறாததால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். புதிய இடத்தில் கிடைக்கும் மாவுச்சத்தையோ சர்க்கரையையோ உடைக்கும் நொதிகளைச் செய்ய வேண்டும். புரதம் செய்யும் ரைபோசோம்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். சூட்டிலோ குளிரிலோ அடிபட்டிருந்தால் சவ்வைச் சரிபார்க்க வேண்டும். செல் அளவில் பெருத்துக்கொண்டே போகும், பிளவு மட்டும் இன்னும் தொடங்கியிருக்காது. கடினமான உறைக்குள் உறங்கும் ஸ்போராக இருந்தால் வேலை இன்னும் கூடுதல். தண்ணீரை உறிஞ்ச வேண்டும், மேலுறையை உடைத்து வெளியே வர வேண்டும், பிறகுதான் முதல் பிளவு.

வீட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். இரவு பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, அன்றைக்கு உறைந்த தயிரிலிருந்து ஒரு ஸ்பூன் போட்டால் விடியும்போது கெட்டியாகத் தோய்ந்திருக்கும். ஐந்து நாளாக ஃப்ரிட்ஜின் உள்தட்டில் கிடந்த தயிரை அதே அளவு போட்டால் காலையில் தளதளவென்று பாதி தோய்ந்து நிற்கும். அம்மா "உறை பழசு, அதான் பிடிக்கல" என்பார். பாலும் ஒன்றுதான், அறையின் சூடும் ஒன்றுதான். போட்ட செல்களின் நிலைமை வேறு. புதுத் தயிரில் இருந்தவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை. பழைய தயிரில் இருந்தவை அமிலத்திலும் குளிரிலும் அடிபட்டவை, சில செத்தும் போயிருக்கும். மீதமிருப்பவை எழுந்து தயாராக நேரம் வேண்டும். அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி லேக்.

ஆகவே லேக்கை ஒரு வேலையாக நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு வேலை முடிந்தால்தான் முதல் பிளவு. அந்த வேலை எத்தனை நிமிடத்தில் முடியும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. வேலையின் அளவு எவ்வளவு என்பது செல் எங்கிருந்து வந்தது, என்ன அடிபட்டது என்பதைப் பொறுத்தது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த ஒரு விஷயத்திலேயே இருக்கிறது.

மற்ற மூன்று கட்டங்களுக்கு எவ்வளவு எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கட்டத்துக்கு இரண்டு வரி போதும். மடக்கைக் கட்டத்தில் செல்கள் சீரான இடைவெளியில் இரட்டிக்கின்றன. எண்ணிக்கையின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும், பெயர்க் காரணமும் அதுதான். நிலைத்த கட்டத்தில் உணவு தீர்ந்தோ கழிவு சேர்ந்தோ பிறப்பும் இறப்பும் சமமாகின்றன. இறப்புக் கட்டத்தில் இறப்பு மிஞ்சுகிறது. மூடிய கலத்தில் புதிதாக எதுவும் சேர்க்காமல் வளர்க்கும்போது கிடைக்கும் படம் இது என்று ஒரு வரி சேருங்கள். சிலர் நிலைத்த கட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு லேக்குக்கு இடமில்லாமல் தவிக்கிறார்கள். சாதம் நிலைத்த கட்டத்தை எட்டும் நேரத்தில் அதைச் சாப்பிட யாரும் வரமாட்டார்கள்.

லேக் எவ்வளவு நேரம் என்று வளைகோட்டிலிருந்து எப்படி அளப்பது? எங்கள் லேபில் ஓ.டி. வரைபடத்தில் நாலரை மணி நேரம் வந்தது. நான்கு மணி நேர விதிக்கு இதுதான் ஆதாரமா?

அளக்கும் முறை எளிது. மடக்கைக் கட்டத்தின் நேர்கோட்டைக் கீழ்நோக்கி நீட்டுங்கள். ஆரம்ப எண்ணிக்கையின் மட்டத்தில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் நேரம்தான் லேக்.

ஆனால் உங்கள் நாலரை மணி நேரம் பெரும்பாலும் கருவியின் குருட்டுத்தன்மை. ஓ.டி. என்பது பாக்டீரியா வளரும் திரவத்தின் கலங்கலை அளப்பது. ஒரு மில்லிக்குச் சுமார் ஒரு கோடி செல் சேரும்வரை சாதாரணக் கருவிக்குக் கலங்கல் தெரியாது. நீங்கள் மில்லிக்கு 1,000 செல்லோடு ஆரம்பித்து, அவை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், ஒரு கோடியைத் தொடப் பத்தாயிரம் மடங்கு பெருக வேண்டும். அதற்குப் பதின்மூன்று இரட்டிப்புக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அதாவது ஏறத்தாழ நாலு மணி இருபத்தைந்து நிமிடம். லேக் என்று ஒன்று இல்லாமலே இருந்தாலும் உங்கள் கோடு அத்தனை நேரம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அந்த நேரம் முழுக்க செல்கள் முழு வேகத்தில் இரட்டித்துக்கொண்டிருந்தன.

இந்தத் தற்செயலான ஒற்றுமையால் ஏமாந்தவர்கள் நிறைய. உண்மையான லேக் வேண்டுமென்றால் அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, நீர்த்து, அகார் தட்டில் பரப்பி, காலனிகளை எண்ண வேண்டும். கை வலிக்கும் வேலைதான். வேறு குறுக்கு வழி சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படியானால் அந்த நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் உணவு விதித்தொகுப்பில், வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாமல் நேரத்தை மட்டும் கட்டுப்பாடாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. உணவு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழான குளிரிலிருந்தோ, 57 டிகிரி அல்லது அதற்கு மேலான சூட்டிலிருந்தோ வெளியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்த நேரத்திலிருந்து நான்கு மணிக்குள் பரிமாறிவிட வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். குளிரிலிருந்து எடுத்த உணவு 21 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் ஆறு மணி நேரம் வரை அனுமதி. சென்னையில் ஏசி இல்லாத அறையில் இந்த ஆறு மணி நேரச் சலுகையை மறந்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இதையே இரண்டு படியாகச் சொல்கிறார்கள். இரண்டு மணிக்குள் என்றால் சாப்பிடலாம் அல்லது திரும்பக் குளிரில் வைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு என்றால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும். நான்கைத் தாண்டினால் குப்பை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் முதலில் வருவது வெப்பநிலைதான். சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிராகப் பரிமாறுவது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

எந்த விதியிலும் 'லேக் நான்கு மணி நேரம்' என்று எழுதவில்லை. விதி சொல்வது, அந்த நேரத்துக்குள் கணிசமான பெருக்கமோ நச்சு உற்பத்தியோ நடக்க வாய்ப்பில்லை என்பது. அந்த நேரத்தின் முன்பகுதியை லேக் எடுத்துக்கொள்கிறது. பின்பகுதியில் நடக்கும் சில இரட்டிப்புகளைக் குறைந்த ஆரம்ப எண்ணிக்கை தாங்கிக்கொள்கிறது.

எண்களோடு ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

தேங்காய் சாதத்தை எடுத்துக்கொள்வோம். பாடம் எடுக்க வருவதற்கு முன்னால் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கேட்டரிங் சமையலறையில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். தொழிற்சாலை கேன்டீன்களுக்கு மதியச் சாப்பாடு போகும். காலை 6 மணிக்குச் சாதம் வடித்து, தட்டில் பரப்பி, தாளித்துக் கிளறி, 7 மணிக்குச் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது டப்பாவில் அடைப்பார்கள். அறையின் சூடு 34 டிகிரி. கடிகாரம் 7 மணிக்கு ஓட ஆரம்பிக்கிறது.

சாதத்தில் நாம் பயப்படுவது பேசில்லஸ் சீரியஸ். அதன் ஸ்போர்கள் அரிசியிலேயே வரும், கொதிநீரில் சாகாது. கொதிக்கவைத்தது பல ஸ்போர்களை எழுப்பிவிடும், கூட இருந்த போட்டி பாக்டீரியாவையும் ஒழித்துவிடும். கணக்குக்காக, சமைத்த பிறகு கிராமுக்கு 100 ஸ்போர் மிஞ்சியது, லேக் இரண்டு மணி நேரம், இரட்டிப்பு நேரம் 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். தேர்விலும் இப்படி "எனக் கொள்வோம்" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

```
n = (t − λ) / g
N = N0 × 2^n
```

இதில் t கடந்த நேரம், λ லேக், g இரட்டிப்பு நேரம், n இரட்டிப்புகளின் எண்ணிக்கை, N0 ஆரம்ப எண்ணிக்கை. t லேக்கைவிடக் குறைவாக இருந்தால் n பூஜ்ஜியம், மைனஸில் போகாது.

9 மணி வரை 100 அப்படியே 100. 11 மணிக்கு, அதாவது நான்கு மணி நேரம் முடியும்போது, நான்கு இரட்டிப்பு ஆகியிருக்கும், கிராமுக்கு 1,600. மதியம் 12.30-க்கு ஏழு இரட்டிப்பு, 12,800. சாப்பாட்டு வண்டி எங்கோ மாட்டிக்கொண்டு 2 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பத்து இரட்டிப்பு, 1,02,400. பேசில்லஸ் சீரியஸ் விஷயத்தில் கிராமுக்கு ஒரு லட்சம் என்பதைக் கவலைப்பட வேண்டிய எல்லையாக எடுத்துக்கொள்வது வழக்கம். வாந்தி வரவழைக்கும் நச்சு அந்தப் பக்கத்திலிருந்துதான் தலைகாட்டும்.

இப்போது லேக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். அதே 100, அதே வேகம். 11 மணிக்கு எட்டு இரட்டிப்பு, 25,600. 12 மணிக்கே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். லேக் நமக்கு வாங்கித் தந்தது இரண்டு மணி நேரம். நான்காம் மணி நேரக் கோட்டில் 25,600-க்குப் பதில் 1,600 இருப்பது அதன் வேலை.

மூன்றாவதாக ஒன்று போடுங்கள், விடைக்கு எடை கூடுவது இங்கேதான். லேக் இரண்டு மணி நேரம் இருக்கட்டும், ஆனால் ஆரம்பத்திலேயே கிராமுக்கு 10,000. 11 மணிக்கு நான்கு இரட்டிப்பில் 1,60,000. விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியும் எல்லை தாண்டியாயிற்று. நேர வரம்பு வேலை செய்வதற்கு உணவு நல்ல நிலையில் கடிகாரத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால், திரும்ப எடுக்கும்போது லேக் முதலிலிருந்து ஆரம்பிக்குமா?

நம்ப வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்திலேயே இது நடந்தது. டப்பா மேல் நேரம் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். ஒருநாள் கேன்டீனிலிருந்து திரும்பி வந்த பத்து டப்பாவைக் குளிர் அறையில் வைத்திருந்தார்கள். சாயங்காலம் எடுத்தபோது புது ஸ்டிக்கர், புது நேரம். மாஸ்டரிடம் கேட்டேன். "ஜில்லுனு ஆயிடுச்சேம்மா, இனிமே புதுசுதானே?" என்றார். அடியில் பழைய ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது, காலை 7.10 என்று.

அந்த மனிதர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. குளிரில் வளர்ச்சி நிற்கிறது அல்லது ஊர்கிறது. ஆனால் நின்ற வேலை அழிந்துபோவதில்லை. இரண்டு மணி நேரத்தில் ஸ்போர் முளைத்து நொதிகளைச் செய்து முடித்திருந்தால், குளிரிலிருந்து எடுக்கும்போது அந்த செல் கிட்டத்தட்ட தயாராகவே இருக்கிறது. குளிர்ந்து சூடான அதிர்ச்சியால் கொஞ்சம் தாமதம் வரலாம், வராமலும் போகலாம். வரலாம் என்பதை நம்பிப் பத்து டப்பா சாதத்தை யாருக்கும் போட முடியாது. அதனால்தான் விதிகள் வெளியே இருந்த நேரத்தையெல்லாம் கூட்டச் சொல்கின்றன. காலையில் ஒரு மணி நேரம், மதியம் அரை, சாயங்காலம் இரண்டு என்றால் மொத்தம் மூன்றரை. இன்னும் அரை மணிதான் பாக்கி. அன்றைக்கு அந்தப் பத்து டப்பாவும் கொட்டப்பட்டது, மாஸ்டர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

நேரம் தாண்டிவிட்டால் நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடாதா?

எந்த பாக்டீரியா என்பதைப் பொறுத்தது, சாதத்துக்கு விடை 'ஆகாது'. பேசில்லஸ் சீரியஸ் சாதத்தில் விட்டுவைக்கும் வாந்தி நச்சின் பெயர் செரியூலைடு. கொதிக்கும் சூடு அதை ஒன்றும் செய்யாது, பிரஷர் குக்கர் சூட்டையும் அது தாங்கும். சூடு பண்ணினால் செல் சாகும், நச்சு தட்டில் இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி. கையிலிருந்து உணவுக்கு வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் நச்சுக்கும் இதே பிடிவாதம் உண்டு.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் வேறு ரகம். அங்கே நோயைத் தருவது உயிரோடு வயிற்றுக்குள் போகும் ஏராளமான செல்கள். நன்றாகக் கொதிக்கவைத்தால் அவை செத்துவிடும். இந்த வித்தியாசத்தை விடையில் ஒரு வரியாக எழுதினால், பாடம் உண்மையிலேயே புரிந்திருக்கிறது என்று தெரியும்.

லேக்கே இல்லாமல் போகும் சந்தர்ப்பம் உண்டா?

உண்டு, அதுவும் தினமும் நடக்கிறது. பந்தியில் ஒரு பெரிய பாத்திரத்தில் சாதம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போதே அதன் மேல் புதுச் சாதத்தைக் கொட்டுவார்கள். அடியில் இருப்பது காலையிலிருந்து அறைச் சூட்டில் இருந்தது, அதில் இருக்கும் செல்கள் மடக்கைக் கட்டத்தில் முழு வேகத்தில் இருப்பவை. புதுச் சாதம் வெதுவெதுப்பாக வந்தால் அவற்றுக்கு அதே உணவு, ஏறத்தாழ அதே சூடு. புதிதாகச் செய்ய வேண்டிய நொதி எதுவுமில்லை, சரிபார்க்க வேண்டிய காயமுமில்லை. இட்லி மாவு சீக்கிரம் பொங்க வேண்டுமென்று பழைய மாவில் ஒரு கரண்டியைப் புது மாவில் கலக்கிறோமே, அதே வித்தை. அங்கே நாம் வேண்டுமென்றே லேக்கைக் குறைக்கிறோம், இங்கே தெரியாமல் குறைத்துவிடுகிறோம்.

இதே காரணத்தால்தான் காலையிலிருந்து கழுவாமல் பாத்திரத்துக்குப் பாத்திரம் போகும் கரண்டியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. காம்பு சேரும் இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பருக்கையை நகத்தால் கீறிப் பாருங்கள், அடியில் இன்னும் ஈரமாக இருக்கும். தயாராக இருக்கும் செல்களின் கூடாரம் அது. அதைவைத்துப் புதுப் பாத்திரத்தைக் கிளறினால், மேலே போட்ட கணக்கில் λ பூஜ்ஜியம் என்று எழுதிக்கொள்ளலாம்.

சென்னை வெயிலில் லேக் எவ்வளவு குறையும்?

இதற்குத்தான் லேக்கை வேலை என்று சொன்னேன். ஒரே செல், ஒரே உணவு, வெப்பநிலை மட்டும் மாறினால், லேக் நேரமும் இரட்டிப்பு நேரமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மாறுகின்றன. லேக், இரட்டிப்பு நேரத்தைப் போல நான்கு மடங்கு என்று ஒரு சாதத்துக்கு வைத்துக்கொண்டால், இரட்டிப்பு 30 நிமிடமாக இருக்கும் சூட்டில் லேக் இரண்டு மணி நேரம். அறை குளிர்ந்து இரட்டிப்பு ஒன்றரை மணியாக நீண்டால் லேக் ஆறு மணி நேரமாக நீளும். வளர்ச்சியைக் கணிக்கும் சமன்பாடுகள் பலவும் லேக்கையும் வளர்ச்சி வீதத்தையும் பெருக்கி வரும் எண்ணை, செய்து முடிக்க வேண்டிய வேலையின் அளவாகக் கொள்கின்றன. 1994-ல் பாரன்யியும் ராபர்ட்ஸும் வெளியிட்ட மாதிரி அவற்றில் பிரபலமானது.

மே மாதச் சென்னையில் 38 டிகிரி சாதாரணம், அடுப்படியில் இன்னும் கூட. பேசில்லஸ் சீரியஸுக்கு உகந்த சூட்டின் நடுவில் நிற்கிறோம். லேக்கும் சுருங்குகிறது, அதன் பிறகான இரட்டிப்பும் வேகமாகிறது, இரண்டு பக்கமும் அடி. நான்கு மணி நேரம் என்பதில் இதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள், ஆனால் 'நாலு தாண்டி அரை மணிதானே' என்று இழுப்பதற்கு இடமில்லை.

பெரிய அண்டாவில் இன்னொரு தொல்லை. 40 லிட்டர் கறிக்குழம்பை மூடிவைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் 50-க்கும் 35-க்கும் இடையே நிற்கும். பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 43-லிருந்து 46 டிகிரிப் பக்கம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 64 மடங்கு, இரண்டு மணி நேரத்தில் 4,096 மடங்கு. லேக்கை நம்பி உட்கார அங்கே நேரமே இல்லை. அதனால்தான் ஆறவைப்பதற்குத் தனி வரம்பு. அமெரிக்க விதியில் 57-லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணிக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு, மொத்தம் ஆறு மணிக்குள். முதல் பாதியை ஏன் இவ்வளவு இறுக்கினார்கள் என்பது இப்போது புரியும். நடைமுறையில் அகலத் தட்டுகளில் கைவிரல் நீள ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றிவைப்பார்கள்.

மோந்து பார்த்தால் தெரியாதா? ஊசிப்போன சாதம் நாறுமே.

நாறும், ஆனால் நேரம் கழித்து. சாதம் நூல் விட்டு, வாடை வீசும்போது செல்கள் பொதுவாகக் கிராமுக்குக் கோடிக் கணக்கில் இருக்கும். நாம் கவலைப்படும் எல்லை ஒரு லட்சம். ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு நூறு மடங்கு, ஏறத்தாழ ஏழு இரட்டிப்பு, மேலே எடுத்த வேகத்தில் மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணி நேரமும் சாதம் நல்ல சாதம் மாதிரியே மணக்கும். போதாததற்கு தேங்காய்ச் சாதத்தில் கடுகும் பெருங்காயமும் வேறு.

புளியோதரைக்கும் தயிர்ச் சாதத்துக்கும் இதே கணக்கா?

புளியோதரையில் அமிலம், எண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. பி.எச். இறங்க இறங்க லேக் நீளும், வளர்ச்சி வேகம் குறையும், ஒரு கட்டத்துக்குக் கீழே செல்லால் வேலையை முடிக்கவே முடியாமல் லேக் எல்லையில்லாமல் நீளும். புளிக்காய்ச்சல் தாராளமாகப் போட்டு நன்றாகக் கலந்த சாதம் நீண்ட பயணத்துக்குத் தாங்குவது இதனால்தான். ஆனால் புளியைக் குறைத்து, சாதத்தைக் கட்டி கட்டியாக விட்டுக் கலந்தால், கட்டியின் நடுவில் இருப்பது வெறும் வெள்ளைச் சாதம். மீட்டரைச் சாறில் வைத்து அளந்தால் நல்ல பி.எச். காட்டும். ஒரு கட்டியை உடைத்து, வெள்ளையாக இருக்கும் நடுப்பகுதியைத் தண்ணீரில் அரைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

தயிர்ச் சாதம் வேடிக்கையானது. புளிக்கக் கூடாதென்று பாலை அதிகமாக ஊற்றித் தயிரை ஒரு கரண்டி மட்டும் கலக்கிறோம். அதாவது காலை 7 மணிக்கு அமிலம் குறைவு, நடுநிலைக்குப் பக்கத்தில். சாதத்தில் இருக்கும் ஸ்போருக்கு லேக் உண்டு, தயிர் பாக்டீரியாவுக்குப் புது உறை என்றால் அநேகமாக இல்லை. யார் முந்துகிறார்கள் என்பதே கேள்வி. தயிர் முந்தினால் மதியத்துக்குள் புளிப்பு ஏறி ஸ்போரின் வழியை அடைத்துவிடும். பழைய ஃப்ரிட்ஜ் தயிரைப் போட்டிருந்தால் அதற்கும் லேக், பந்தயம் இழுபறி. டப்பா கட்டும் இடங்களில் தயிர்ச் சாதத்துக்கு அன்றைக்குத் தோய்ந்த தயிரையே கேட்டு வாங்குங்கள், நான்கு மணி நேரக் கணக்கையும் தளர்த்தாதீர்கள்.